ஆறு மாதப் பண வரவு செலவு: பில் தேதியை நம்பாமல் கணிப்பது எப்படி?

கேள்வி: கோவை கணபதியில் மூன்று சி.என்.சி. மெஷின் வைத்து, பம்ப் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிறோம். மாதம் ஆறு லட்சம் போல பில் ஆகிறது. ஆனால் எந்த பில்லுக்கு எப்போது பணம் வரும் என்று சொல்ல முடிவதில்லை. பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட்காரர்களும் மூன்று மாத பில்லை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை கையில் எவ்வளவு இருக்கும் என்று எழுதித் தாருங்கள் என்கிறார் பேங்க் மேனேஜர். இதை எப்படிப் போடுவது?

பதில்: முதலில் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பில் புக்கையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் கடைசி எட்டு பில்லை எடுத்து, பில் தேதிக்கும் பணம் அக்கவுண்டில் விழுந்த தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எழுதுங்கள். ஆர்டரில் 45 நாள் என்று போட்டிருப்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது அவர்கள் ஒப்புக்கொண்ட நாள். உங்களுக்கு வேண்டியது அவர்கள் உண்மையில் கொடுக்கும் நாள்.

உதாரணத்துக்கு, ஒரு பம்ப் கம்பெனியின் எட்டு பில்களுக்கு 48, 52, 55, 57, 61, 63, 70, 96 நாட்கள் என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இதில் சராசரி எடுக்க வேண்டாம், அந்த ஒரே ஒரு 96 எல்லாவற்றையும் மேலே இழுத்துவிடும். வரிசையில் நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். இங்கே 57க்கும் 61க்கும் நடுவே 59. இதுதான் உங்கள் வழக்கமான கணக்கு. எட்டில் ஏழு பில் 70 நாளுக்குள் வந்திருப்பதால், 70 உங்கள் பயந்த கணக்கு. எக்செல்லில் நாட்கள் E நெடுவரிசையில் இருந்தால் இப்படி:

```
=MEDIAN(E2:E9)
```

அந்த 96ஐ மட்டும் தனியாக விசாரியுங்கள். பெரும்பாலும் காரணம் பணத்தட்டுப்பாடாக இருக்காது. சரக்கு கேட்டில் இறங்கியிருக்கும், ஆனால் ஸ்டோரில் சரக்கு பெற்றதற்கான ஜிஆர்என் சீட்டைப் போட்டிருக்க மாட்டார்கள். அல்லது க்யூ.சி.யில் நாலு பீஸ் நின்றிருக்கும், அந்த நாலுக்காக முழு பில்லும் நின்றிருக்கும். பல கம்பெனிகளில் நாள் எண்ணத் தொடங்குவதே ஜிஆர்என் தேதியிலிருந்துதான். அதற்கு மேல், மாதத்தில் இந்தத் தேதிக்குப் பிறகு வரும் பில் அடுத்த மாதக் கணக்கில்தான் ஏறும் என்று ஒரு கட்டுப்பாடு இருக்கும். பணம் போடுவதற்கும் 10, 25 என்று குறிப்பிட்ட நாட்கள் இருக்கும். உங்களுக்கு ஒழுங்கில்லாமல் வருவதாகத் தெரியும் பணத்தில் பெரும்பகுதிக்கு இந்த மூன்று தேதிகளே காரணம். அவர்களுடைய அக்கவுண்ட்ஸில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு எழுதி வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இப்போது ஒரு பில்லைப் பின்தொடர்வோம். ஜூலை 6ஆம் தேதி 2,00,000 ரூபாய்க்கு பில் போடுகிறீர்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. 36,000 சேர்த்து 2,36,000. பில் தேதியோடு 59 நாள் கூட்டினால் செப்டம்பர் 3. அது அவர்கள் பணம் போடும் நாள் இல்லை, எனவே செப்டம்பர் 10 என்று எழுதுங்கள். பயந்த கணக்கில் 70 நாள், செப்டம்பர் 14. அதுவும் பணம் போடும் நாள் இல்லை, எனவே 25.

ஆனால் இந்த 36,000 ஜி.எஸ்.டி.யை நீங்கள் கட்ட வேண்டியது ஆகஸ்ட் 20. பணம் வந்ததா வரவில்லையா என்று போர்ட்டல் கேட்காது, பில் போட்ட மாதம்தான் அதற்குக் கணக்கு. நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுபவராக இருந்தாலும், முதல் இரண்டு மாத வரியை அடுத்தடுத்த மாதம் 25க்குள் கட்டியாக வேண்டும். ஆக, கம்பெனி இன்னும் கொடுக்காத பணத்துக்கு உங்கள் கையிலிருந்து வரி முன்னால் போகிறது. ஆறு மாதக் கணக்கில் நிறையப் பேர் தவறவிடும் இடம் இதுதான். வரவை வரி சேர்த்து எழுதுவார்கள், வரி வெளியே போகும் தேதியை எழுத மாட்டார்கள்.

அதே ஜூலையில் 90,000 ரூபாய்க்கு ராடு வாங்கியிருந்தால், அதில் கட்டிய 16,200ஐக் கழித்துக்கொண்டு 19,800 கட்டினால் போதும் என்று நினைப்பீர்கள். ஆனால் உங்கள் ராடு வியாபாரி ஆகஸ்ட் 11க்குள் தன் ரிட்டர்னைப் போட்டால்தான் அந்தத் தொகை ஆகஸ்ட் 14ஆம் தேதி, நீங்கள் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் உங்கள் GSTR-2Bயில் தெரியும். அவர் தாமதித்தால் அந்த மாதம் முழு 36,000மும் உங்கள் கையிலிருந்துதான். வழக்கமாகத் தாமதிக்கும் வியாபாரி என்றால் பயந்த கணக்கில் முழுத் தொகையையே எழுதிவிடுங்கள்.

அடுத்து பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் பில்கள். அவை எப்போது வரும் என்று காத்திருக்கவே வேண்டாம். சரக்கு அனுப்பும்போது டெலிவரி சலான் போடுகிறீர்கள் அல்லவா, அதில் கிலோவும் இருக்கும், கிலோவுக்கு என்ன ரேட் என்று உங்களுக்கும் தெரியும். வாரக் கடைசியில் அந்த வாரச் சலான்களைக் கூட்டி ரேட்டால் பெருக்கி, "பில் வராத கடன்" என்று ஒரு வரியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மூன்று மாத பில் ஒன்றாக வரும்போது அந்தத் தொகை ஏற்கெனவே உங்கள் ஷீட்டில் இருக்கும். எந்த வாரம் கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். பில்லுக்கும் உங்கள் கூட்டலுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் ஏதோ சலான் விட்டுப்போயிருக்கிறது, அல்லது ரேட்டை ஏற்றியிருக்கிறார்கள். அதை அன்றே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஷீட். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றையும் வார வாரமாகவும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாத மாதமாகவும் போடுங்கள். G நெடுவரிசையில் பணம் வரும் தேதி, F நெடுவரிசையில் தொகை, B1இல் வாரத்தின் திங்கட்கிழமை என்று வைத்தால் அந்த வார வரவு:

```
=SUMIFS($F:$F,$G:$G,">="&B$1,$G:$G,"<"&B$1+7)
```

வாரமாக ஏன் போட வேண்டும் என்பதைச் செப்டம்பரை வைத்துப் பாருங்கள். மற்ற சின்ன வரவும் செலவும் ஒன்றையொன்று ஈடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 1 அன்று கையில் 1,90,000. ஐந்தாம் தேதி மெஷின் லோன் தவணை 62,000 போனால் 1,28,000. ஏழாம் தேதி சம்பளம் 1,80,000 கொடுத்தால் 52,000 பள்ளம். பத்தாம் தேதி 2,36,000 வந்தால் 1,84,000 ஆகிவிடும். 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., அட்வான்ஸ் டாக்ஸ் மூன்றும் சேர்ந்து 52,000, 20ஆம் தேதி ஜி.எஸ்.டி. 55,000 போனபின் மாதக் கடைசியில் 77,000 நிற்கும்.

அதே பணம் 10க்குப் பதில் 25ஆம் தேதி வந்தால்? மாதக் கடைசியில் அதே 77,000தான். ஆனால் 20ஆம் தேதி மாலை 1,59,000 பள்ளத்தில் இருப்பீர்கள். மாதக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. சம்பளம் கொடுக்க வேண்டிய உங்களுக்கு அப்படியல்ல. மேனேஜருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய எண் 77,000 அல்ல, மிக ஆழமான பள்ளமும் அது வரும் தேதியும்தான்.

சி.சி. லிமிட் இருந்தால் அதைக் கையிருப்போடு சேர்க்காதீர்கள், கீழே தனி வரியாக எழுதுங்கள். பல பேங்குகள் 90 நாள் தாண்டிய பாக்கியை லிமிட் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கம்பெனி இழுத்தடித்தால் வரவு தள்ளிப்போவதோடு நீங்கள் எடுக்கக்கூடிய தொகையும் அதே நேரத்தில் சுருங்கும். பயந்த கணக்கில் இந்த வரியையும் குறைத்தே போடுங்கள்.

ஆகஸ்ட்டுக்குப் பிந்திய மாதங்களின் வரவுக்கு இன்னும் பில்லே இல்லை. ஆனால் 59 நாள் இடைவெளி இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜூலை, ஆகஸ்ட் வரவு ஏற்கெனவே போட்ட பில்களிலிருந்து வருவது. செப்டம்பர், அக்டோபர் வரவு இப்போது கையில் இருக்கும் ஆர்டரிலிருந்து வருவது. நவம்பர், டிசம்பர் மட்டும்தான் யூகம். அந்த இரண்டு மாதத்துக்கு, ஆர்டர் கைக்கு வந்ததை மட்டும் கூட்டலில் சேருங்கள். "வரும் என்று பர்ச்சேஸில் சொன்னார்" என்பதைக் கீழே தனியாக எழுதுங்கள், கூட்ட வேண்டாம். தீபாவளி போனஸை அதற்கு முந்திய வாரத்தில் முழுத் தொகையாக எழுதுங்கள். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் கம்பெனி ஸ்டோர்கள் மூடியிருக்கும் நாட்களில் ஜிஆர்என் ஓடாது என்பதால், அந்தச் சமயத்து பில்களுக்கு ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

45 நாள் சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால், கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியும் என்ற விதியும் வந்துவிட்டது. அதனால் மார்ச் கடைசியில் வேகம் தெரியும். பில்லில் உத்யம் எண்ணைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் ஷீட்டில் 45 என்று போடாதீர்கள். சட்டத்தின் நாளை எழுதினால் பேப்பரில் மட்டும் பணம் இருக்கும்.

பள்ளம் தெரிந்தபின் அதைச் சிறிதாக்க உங்கள் கையில் இருப்பவை சில. மாதக் கடைசியில் அனுப்பும் சரக்கை அந்தக் கம்பெனி எப்படியும் அடுத்த மாதக் கணக்கில்தான் ஏற்றும் என்றால், 31ஆம் தேதிக்குப் பதில் 1ஆம் தேதி அனுப்பி அன்றே பில் போடுங்கள். பணம் வரும் நாள் மாறாது, வரி கட்டும் நாள் ஒரு மாதம் தள்ளிப்போகும். சரக்கை அனுப்பிவிட்டு பில்லைத் தாமதிப்பது வேறு. அதைச் செய்யக் கூடாது. கம்பெனி டிரெட்ஸ் தளத்தில் இருந்தால், அவர்கள் ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே வட்டி கழித்து முன்கூட்டியே பணமாக்கலாம். எல்லா பில்லையும் அப்படி மாற்ற வேண்டியதில்லை, பள்ளத்துக்கு முந்திய ஒரு பில் போதும்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்த பணத்தின் உண்மைத் தேதியை எழுதி, ஒரு புது வாரத்தைக் கடைசியில் சேருங்கள். ஒரே கம்பெனி தொடர்ந்து மூன்று பில்லில் உங்கள் 59ஐத் தாண்டினால் அந்த எண்ணை மாற்றுங்கள். அனுப்பிய சரக்குக்கு ஒரு வாரத்துக்குள் ஸ்டோருக்கு போன் போட்டு ஜிஆர்என் எண்ணை வாங்கி பில்லுக்கு எதிரே குறித்து வையுங்கள். எண் வாங்காத பில் எதையும் வழக்கமான கணக்கில் வைக்காமல் பயந்த கணக்கின் தேதிக்கே தள்ளிவிடுங்கள்.