புதிய இணையதளம் கட்டுவதற்கு முன் பழைய பக்கங்களை எப்படித் தணிக்கை செய்வது?

கேள்வி: நாகர்கோவிலில் உள்ள எங்கள் சுற்றுலா நிறுவனத்தின் இணையதளத்தை அடியோடு மாற்றப் போகிறோம். பத்தாண்டுகளில் சேர்ந்த பக்கங்கள் முந்நூறுக்கும் மேல் இருக்கும். எதை வைத்துக்கொள்வது, எதை ஒன்றாகச் சேர்ப்பது, எதைத் திருத்தி எழுதுவது, எதை நீக்குவது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்:

இந்த மாவட்டத்தில் விடுதிகள், சுற்றுலா நிறுவனங்களின் தளங்களை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன் என்பதால், உங்கள் தளத்தில் இருக்கக்கூடிய பக்கங்களையே எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன்.

முதல் வேலை முழுமையான பட்டியல். மெனுவைப் பார்த்துப் பட்டியல் போட்டால் பாதிகூடத் தேறாது. ஸ்க்ரீமிங் ஃபிராக் போன்ற கருவி, முகப்பிலிருந்து இணைப்பு இணைப்பாகச் சென்று பக்கங்களைச் சேகரிக்கும். அதன் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரையே எடுக்கும்; படங்களும் பிற கோப்புகளும் அந்தக் கணக்கில் சேர்வதால் உங்களுக்கு அது போதாமல் போகக்கூடும். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பில்லாமல் தனித்துக் கிடக்கும் பக்கங்கள் அதன் கண்ணில் படுவதில்லை. அவற்றைப் பிடிக்க, தளத்தின் முகவரிப் பட்டியலான sitemap.xml கோப்பில் உள்ள முகவரிகளையும், தேடலில் உங்கள் தளம் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் கடந்த 16 மாதங்களில் ஒரு முறையாவது தேடலில் தோன்றிய முகவரிகளையும் அதே எக்செல் தாளில் சேர்த்து, இரட்டிப்பானவற்றை நீக்குங்கள். தளம் வேர்ட்பிரஸில் இருந்தால், நீங்கள் எழுதாத பக்கங்களும் வந்து நிற்கும்: ஒவ்வொரு படத்துக்கும் தானாக உருவான தனிப் பக்கம், ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஒரு பட்டியல் பக்கம். 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவப்படும் தளங்களில் படப் பக்கங்கள் தோன்றுவதில்லை. பழைய தளங்களில் அவை அப்படியே இருக்கின்றன. இந்தக் கூட்டத்தை முதலிலேயே தனித் தாளுக்கு மாற்றிவிட்டால், மனிதர் எழுதிய பக்கங்கள் மட்டும் மிஞ்சும். உங்கள் முந்நூறு அப்போது வெகுவாகக் குறைந்துவிடக்கூடும்.

அடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து படித்து, இந்தப் பக்கத்துக்கு வருபவர் எந்தக் கேள்வியோடு வருகிறார் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். இதை யாரிடமும் ஒப்படைக்காமல், பயணிகளோடு நேரில் பேசிப் பழகிய ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும். தலைப்பை வைத்து எழுதினால் தவறிவிடும், ஏனென்றால் தலைப்பு ஒன்றைச் சொல்லும், மக்கள் வேறொன்றுக்காக வந்துகொண்டிருப்பார்கள். சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தத் தேடல் சொற்களுக்கு அது தோன்றுகிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பிறகு தாளை அந்தக் கேள்வி நிரலின்படி வரிசைப்படுத்துங்கள். எவையெல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது அப்போது தானே தெரியும்.

ஒரு தொகுதியை மட்டும் முழுமையாகப் பார்ப்போம். உங்களைப் போன்ற தளத்தில் விவேகானந்தர் பாறைக்கான படகு நேரம் பற்றி ஒரு பக்கம், 2016-ஆம் ஆண்டுப் படகுக் கட்டணம் பற்றி ஒரு பக்கம், திருவள்ளுவர் சிலைக்குச் செல்வது எப்படி என்று ஒரு பக்கம், சிலையின் வரலாறு என்று ஒரு பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சர்ச் கன்சோலில் தேடல் சொல்லாக boat என்பதைக் கொடுத்து வடிகட்டி, Pages பகுதிக்குச் செல்லுங்கள். முதல் மூன்று பக்கங்களும் ஒரே தேடலுக்கு மாறி மாறித் தோன்றி, கிளிக்குகள் மூன்றுக்கும் சிதறியிருந்தால், அவை ஒரே கேள்விக்கான மூன்று அரைகுறைப் பதில்கள் என்று பொருள். அவற்றை ஒன்றாக்க வேண்டும். வரலாற்றுப் பக்கமோ வேறு தேடல்களுக்குத் தோன்றும்: சிலையின் உயரம் 133 அடி, அதில் பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிப்பது, சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது என்பவற்றை அறிய வருபவர் படகுச் சீட்டைத் தேடவில்லை. ஆகவே அது தனியாகவே இருக்கட்டும். பொருள் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டு பக்கங்களைச் சேர்க்கக் கூடாது. வருபவரின் கேள்வி ஒன்றாக இருந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும். கேள்வி ஒன்றாக இருந்தாலும் தேடும் மொழி வேறு என்பதால், ஒரே செய்தியைச் சொல்லும் தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் ஒன்றாக்க வேண்டாம்.

மூன்றில் எந்த முகவரி பிழைத்திருக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நன்றாக எழுதப்பட்ட பக்கத்தை வைத்துக்கொள்வது இயல்பாகத் தோன்றும். ஆனால் எழுத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்வது எளிது. வெளித்தளங்கள் கொடுத்திருக்கும் இணைப்புகளை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆகவே சர்ச் கன்சோலின் Links அறிக்கையில் எந்த முகவரிக்கு வெளியிலிருந்து அதிக இணைப்புகள் வருகின்றன, செயல்திறன் அறிக்கையில் எதற்குக் கிளிக்குகள் அதிகம் என்று பார்த்து, அந்த முகவரியை வைத்துக்கொண்டு, மற்ற பக்கங்களின் நல்ல பத்திகளை அதற்குள் கொண்டுவாருங்கள். முகவரியிலேயே 2016 என்று ஆண்டு இருந்தால், இணைப்பு, கிளிக் எண்ணிக்கைகள் ஓரளவு நெருங்கி வரும் நிலையில், ஆண்டில்லாத முகவரியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

சேர்த்த பிறகு அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதவும் வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் நீர்மட்டம் தாழ்ந்த நாட்களிலும் சிலைக்குப் படகு செல்லாது, பாறையோடு திரும்ப வேண்டியதுதான் என்று பழைய பக்கங்கள் சொல்லியிருக்கும். 2024 டிசம்பர் 30 அன்று பாறையையும் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதால், பாறையை அடைந்தவர் இப்போது நடந்தே சிலைக்குச் செல்ல வழி உண்டு. இத்தகைய மாற்றம் வந்த பிறகும் பழைய வரிகள் எத்தனை பக்கங்களில் ஒளிந்திருக்கின்றன என்பதைத் தளம் முழுவதும் தேடிப் பார்த்தால்தான் அறிய முடியும். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்ற செய்தியும் இப்படித்தான். அரண்மனைப் பக்கம், ஒருநாள் சுற்றுலாப் பக்கம், திருவனந்தபுரம் வாடகைக் கார் பக்கம் என்று பல இடங்களில் பதிந்திருக்கும். மாறக்கூடிய நேரம், கட்டணம், விடுமுறை ஆகியவை ஒரே ஒரு பக்கத்தில் இருக்க, மற்றவை அதற்கு இணைப்புக் கொடுக்குமாறு அமைப்பதுதான் திருத்தி எழுதும் பணியில் நெடுநாள் பயன் தரும் பகுதி. அந்தப் பக்கத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு அலுவலகத்தில் யாருடையது என்பதையும் தாளில் ஒரு நிரலாகச் சேர்த்துவிடுங்கள்.

இனி, எண்ணை மட்டும் நம்பி நீக்குவதால் வரும் இழப்பு. சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையைத் திறந்தவுடன் அது கடந்த மூன்று மாதங்களையே காட்டும். ஆகஸ்டில் நீங்கள் தணிக்கை செய்தால், சித்ரா பௌர்ணமிப் பக்கம் ஏறத்தாழச் செத்த பக்கம்போலத் தெரியும். ஆனால் சூரியன் மறைவதையும் முழுநிலவு எழுவதையும் ஒரே மாலையில் கடலோரத்தில் நின்று பார்க்க வருகிறவர்கள் சித்திரையையொட்டித்தான் தேடுவார்கள்; அந்தச் சில நாட்களின் வருகைக்காகவே அந்தப் பக்கம் இருக்கிறது. ஆகவே கால அளவை 16 மாதங்களுக்கு மாற்றி, வரைபடத்தில் ஆண்டுக்கொரு முறை உயரும் மேடு இருக்கிறதா என்று பார்த்த பின்னரே முடிவெடுங்கள்.

தேடலில் அறவே தோன்றாமல், ஆனால் அன்றாடம் பயன்படும் பக்கங்களும் உண்டு. முன்பதிவு ரத்து விதிகள், வாகன வாடகை விவரம் போன்றவற்றை உங்கள் அலுவலக ஊழியர்கள் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். விடுதி வரவேற்பறையில் ஒட்டிய கியூஆர் அட்டை ஒரு பழைய முகவரிக்குச் சென்றுகொண்டிருக்கும். இவை எந்த அறிக்கையிலும் தேடல் வருகையாகப் பதிவாகாது. தொலைபேசி எடுக்கும் ஊழியரிடம் உட்கார்ந்து, அவர் அடிக்கடி அனுப்பும் இணைப்புகளைக் கேட்டு வாங்கித் தாளில் குறியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதே நீக்கத் தக்கது. நீக்கும்போது எல்லா முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது; அதை நான் வன்மையாக மறுக்கிறேன். படகு நேரம் தேடி வந்தவரை முகப்பில் கொண்டுபோய் நிறுத்துவதால் அவருக்குப் பயனில்லை, கூகுளும் அத்தகைய திருப்பலைப் பக்கம் இல்லை என்பதாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். அதே கேள்விக்குப் பதில் சொல்லும் பக்கம் இருந்தால், நிரந்தரமாக இடம் மாறியதைச் சொல்லும் 301 ரீடைரக்ட் கொடுங்கள்; இல்லையென்றால், பக்கம் நீக்கப்பட்டுவிட்டது என்பதைக் குறிக்கும் 410 மூலம் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலின்போது போட்ட பயண ரத்து அறிவிப்பு இன்றும் தளத்தில் இருந்தால், அதற்கு ஈடான பக்கம் எதுவும் இல்லை, 410 போதும். அப்பாச்சி வழங்கியில் .htaccess கோப்பில் இவ்வாறு எழுதலாம்:

```
Redirect 301 /boat-fare-2016/ /vivekananda-rock-boat/
Redirect 410 /ockhi-notice/
```

பழைய தளத்திலேயே முன்னர் போட்ட ரீடைரக்ட்கள் சில இருக்கும். அவை இப்போது நீங்கள் நீக்கும் முகவரியைச் சுட்டினால், ஒன்றிலிருந்து ஒன்று என்று சங்கிலி உருவாகும். அவற்றையும் இறுதி முகவரிக்கே நேராகத் திருப்புங்கள். சரிபார்க்க, உங்கள் தளத்தின் பெயரை இட்டு இந்தக் கட்டளையை இயக்குங்கள்:

```
curl -sIL https://example.com/boat-fare-2016/ | grep -iE '^(HTTP|location)'
```

ஒரே ஒரு 301, அடுத்து பக்கம் கிடைத்ததைக் குறிக்கும் 200 என்று வந்தால் சரி. இரண்டு மூன்று 301 வந்தால் சங்கிலி இருக்கிறது. இந்த ரீடைரக்ட்களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்குமாறு கூகுள் சொல்கிறது; செலவில்லாத வேலை என்பதால் நிரந்தரமாகவே விட்டுவிடலாம்.

வேலையின் வரிசை பற்றியும் சொல்ல வேண்டும். இணைப்பதையும் நீக்குவதையும் பழைய தளத்திலேயே முடித்து, இரண்டு மாதம் விட்டு, அதன் பிறகு புதிய வடிவமைப்புக்கு மாறுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், வருகை குறையும்போது காரணம் பக்கங்களை இணைத்ததா, புதிய வார்ப்புருவா என்று பிரித்தறிய முடியாது. மாற்றும் காலத்தையும் கவனியுங்கள். கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் கூட்டத்தால் கன்னியாகுமரியில் நெரிசல் உச்சத்தில் இருக்கும். அந்தப் பருவத்தில் தளத்தில் கைவைக்க வேண்டாம். பருவம் முடிந்து பிப்ரவரியில் மாற்றினால், அந்த மாத எண்ணிக்கையை ஜனவரியோடு ஒப்பிட்டுப் பதற வேண்டியதில்லை. முந்தைய ஆண்டின் பிப்ரவரியோடு, அதுவும் தளம் மொத்தமாக இல்லாமல் படகுத் தொகுதி, அரண்மனைத் தொகுதி என்று தனித்தனியாக ஒப்பிடுங்கள். ஒரு தொகுதி மட்டும் தாழ்ந்திருந்தால், அதற்குள் நீங்கள் நீக்கிய பக்கங்களின் தேடல் சொற்களை எடுத்து, அவற்றுக்கான பதில் புதிய பக்கத்தில் உண்மையில் வந்து சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.