கடையில் சொன்ன பவரை நம்பிக் கண்ணாடி வாங்கலாமா?

"மகளுக்கு எட்டு வயது. டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். போர்டைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறாள் என்று டீச்சரும் சொன்னார். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்து, இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.25 என்கிறார்கள். டிவி பார்த்துத்தான் இப்படி ஆனது, இப்போதே கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்கிறார் மாமியார். என்ன செய்வது? தம்பிக்கு ஐந்து வயது, அவனுக்கு இந்தத் தொல்லை இல்லை."
– வாசகி, திண்டுக்கல்

கண்ணாடி தேவைப்படலாம். ஆனால் அந்த 2.25-க்கு இன்னும் ஆர்டர் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் லென்ஸ் போடுவதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்க்காமல் எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் கண்ணாடி எழுதக் கூடாது.

மாமியாருக்கு முதலில் ஒரு வார்த்தை. டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால் கிட்டப்பார்வை வருவதில்லை. தூரத்தில் தெளிவாகத் தெரியாததால்தான் பிள்ளை பக்கத்தில் போகிறது. வளரும் வயதில் கண்விழி நீளும்போது பவர் கூடும். கண்ணாடி போட்டாலும் கூடும், போடாவிட்டாலும் கூடும். போடாத பிள்ளைக்கு அத்தனை நாளும் போர்டு தெரியாது, அவ்வளவுதான்.

இனி அந்தப் பவருக்கு வருகிறேன். மைனஸ் ஒன்று உள்ள கண்ணுக்கு ஒரு மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். மைனஸ் இரண்டென்றால் அரை மீட்டர். உங்கள் மகளுக்கு உண்மையிலேயே 2.25 இருந்தால் ஒன்றரை அடிக்கு அப்பால் எல்லாம் மங்கல். அவள் டிவியில் இருந்து எத்தனை அடி தள்ளி உட்காருகிறாள் என்று ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். ஐந்தடி தள்ளி உட்கார்ந்து, கீழே ஓடும் எழுத்தைக் கண்ணைச் சுருக்காமல் படிக்கிறாள் என்றால், கடைக்காரர் சொன்ன பவரில் எனக்குச் சந்தேகம் வரும். இது பரிசோதனைக்கு ஈடாகாது. ஆனால் சந்தேகப்பட இது போதும்.

அந்த மெஷின் ஏன் தவறு செய்கிறது? உள்ளே ஒரு வீடோ பலூனோ தெரியும். பிள்ளை அதைப் பக்கத்தில் இருக்கும் பொருள் என்று நினைத்துக் கண்ணை இறுக்கிப் பார்க்கும். கண்ணுக்குள் இருக்கும் தசைக்கு இந்த வயதில் பலம் அதிகம். அது இறுகினால் இல்லாத மைனஸையும் காட்டும், இருக்கிற மைனஸைக் கூட்டியும் காட்டும். சொட்டு மருந்து அந்தத் தசையைத் தளர வைக்கிறது. தளர்ந்த பிறகு கிடைப்பதுதான் கண்ணின் உண்மையான பவர்.

போன வருடம் ஒன்பது வயதுப் பையனை அழைத்து வந்தார்கள். கடையில் மைனஸ் 2.50 போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. படிக்க உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொள்வானாம். படிப்புக்குப் பயந்து நடிக்கிறான் என்று அடியும் வாங்கியிருக்கிறான். மருந்து விட்டுப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் மைனஸ் அரை. மிச்சம் இரண்டையும் அவன் கண் தசை நாள் முழுக்க இழுத்துச் சமாளித்திருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகள் மாதம் இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருகிறார்கள், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. 'டெஸ்ட் இலவசம்' என்று போர்டு வைத்திருக்கும் கடைக்கு லென்ஸ் விற்றால்தான் வருமானம். கண்ணாடி வேண்டாம் என்று அங்கிருந்து யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். கூடவே 'ப்ளூ கட்' என்று ஒரு பூச்சைக் காட்டி ஆயிரம் ரூபாய் சேர்ப்பார்கள். அது பவர் ஏறுவதைத் தடுக்காது. அந்தப் பணத்துக்கு உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள், ஓடி விளையாடும் பிள்ளைக்கு அதுதான் உபயோகம்.

இப்போது உங்கள் மகனைப் பற்றி. அவனுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவன்மேல்தான் அதிகக் கவலை. இரண்டு கண்ணும் மங்கலாக இருக்கும் பிள்ளை டிவி பக்கம் நகரும், கண்ணைச் சுருக்கும், நாலு பேர் கண்ணில் படும். ஒரு கண் மட்டும் மங்கலாக இருக்கும் பிள்ளை எதுவும் செய்யாது. நல்ல கண்ணே எல்லா வேலையையும் பார்த்துவிடும். மற்றக் கண் தனக்கு மங்கல் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, பிறந்ததில் இருந்து அப்படித்தானே பார்க்கிறது. மூளை அந்தக் கண்ணில் இருந்து வருவதை ஒதுக்கப் பழகிவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, பெரும்பாலும் மீட்டுவிடலாம். அப்புறம் ஒவ்வொரு வருடமும் கடினமாகிக்கொண்டே போகும்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இது தெரியவந்தது வலது கண்ணில் தூசி விழுந்த அன்று. கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றவள், "அம்மா, உன் மூஞ்சி தெரியலையே" என்றிருக்கிறாள். இடது கண்ணில் பிளஸ் நான்கு. சார்ட்டில் மேலே இருக்கும் இரண்டு மூன்று வரிக்கு மேல் அந்தக் கண்ணால் படிக்க முடியவில்லை. பள்ளி முகாமில் இரண்டு முறை 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பள்ளியில் என்ன நடக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும். முன்னால் நிற்பவன் படிப்பதைக் கேட்டுப் பின்னால் நிற்பவன் ஒப்பிப்பான். கண்ணை விரலால் மூடச் சொன்னால் விரல் இடுக்கில் பார்ப்பான். நம் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம். ஆனால் முகாமில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்துப் பார்க்க நேரம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டு எழுதுவார்கள். அந்தச் சீட்டு பையில் கசங்கிக் கிடக்கும். அப்பா ஒரு நாள் கூலியை விட்டு வந்தால், மருந்து விட்டு இன்னொரு நாள் வா என்பார்கள். இரண்டாவது நாள் வராதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இதை ஒரே நாளில் முடிக்க வழி செய்யுங்கள் என்று எத்தனை கூட்டத்தில் பேசியும் அசையவில்லை.

வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். சுவரில் தினசரி காலண்டர் இருக்குமே, பத்தடி தள்ளி மகளை நிற்க வையுங்கள். ஒரு கண்மேல் மடித்த கைக்குட்டையை வைத்து, பிளாஸ்திரியால் நன்றாக ஒட்டுங்கள். தேதியில் தொடங்கி, கீழே ராகு காலம், எமகண்டம் என்று சின்ன எழுத்து வரை படிக்கட்டும். அப்புறம் தாளைக் கிழித்துவிட்டு அடுத்த கண். அதே தாளென்றால் மனப்பாடமாகச் சொல்லிவிடுவாள். படிக்கத் தெரியாத தம்பிக்கு ஆடு, மீன், பூ என்று ஒரே அளவில் வரைந்து ஒட்டுங்கள். எந்தக் கண் எவ்வளவு படிக்கிறது என்பதைவிட, இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை அழுது கைக்குட்டையைப் பிய்த்தால், அதுவும் பதில்தான். சரியாகப் படித்தாலும் இரண்டு பேரையும் கண் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். மாறுகண் தெரிந்தாலோ, போட்டோவில் ஒரு கண்மணி வெள்ளையாக விழுந்தாலோ இந்தச் சோதனை எல்லாம் வேண்டாம், அந்த வாரமே போங்கள்.

போகும்போது, "மருந்து விட்டுப் பார்ப்பீர்களா?" என்று சீட்டு வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். மருந்து கொஞ்சம் எரியும். மருந்தைப் பொறுத்து ஒரு நாளோ, அதற்கு மேலும் சில நாளோ பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரியாது, வெயில் கூசும். அதனால் பரீட்சை வாரத்தில் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வசதி. ஒரு தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் கொடுத்த 2.25 சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.