காக்காவுக்கு மூன்று ஸ்வரம் போதும்

கேள்வி: என் மகளுக்காகப் பாட்டி வடை சுட்ட கதையை Godot-இல் சின்ன விளையாட்டாகச் செய்து வருகிறேன். LMMS-இல் நானே ஒரு பின்னணி இசை போட்டேன். MP3 ஆக்கிச் சுழலவிட்டால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு விக்கல். காக்கா வரும்போது ஒலிக்க ஒரு துண்டு இசையும் செய்தேன், அது பின்னணியோடு சண்டை போடுகிறது. தெரிந்தவர் ஒருவர் 1,500 ரூபாய்க்கு ‘ராயல்டி ஃப்ரீ’ இசைத் தொகுப்பு தருகிறேன் என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். விக்கலுக்குக் காரணம் உங்கள் இசை இல்லை, MP3. அந்த வடிவம் ஒலியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டுகிறது. கடைசிப் பொட்டலம் நிறையாவிட்டால் மௌனத்தைத் திணிக்கும், முதலிலும் கொஞ்சம் மௌனம் சேர்க்கும். ஒரு பொட்டலம் என்பது ஒரு வினாடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. பாட்டை ஒருமுறை கேட்டால் தெரியாது. சுழலவிட்டால் தாளம் ஒவ்வொரு சுற்றிலும் கால் இடறும். OGG என்ற ஒலிக்கோப்பு வடிவத்துக்கு இந்த நோய் கிடையாது. ஆகவே இசையை OGG-ஆக எடுங்கள். Godot-இல் அந்தக் கோப்பைத் தேர்ந்து Import பகுதியில் Loop-ஐ டிக் செய்து Reimport அழுத்துங்கள். MP3-ஐ OGG-ஆக மாற்றித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். திணித்த மௌனமும் கூடவே வரும்.

இப்போது அந்தத் தொகுப்புக்காரர். நானும் ஒரு காலத்தில் இப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அதிலிருந்த நான்கு துண்டுகளை ஒட்டி ஒரு குறும்படத்துக்கு இசை போட்டேன். படத்தைக் காணொளித் தளத்தில் ஏற்றிய மறுநாளே, இசை வேறு யாருடையதோ என்று உரிமை கோரல் வந்தது. என்ன நடந்தது என்றால், அதே துண்டுகளை வாங்கிய வேறொருவர் தன் பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்தார். இயந்திரம் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதை மட்டும் பார்த்தது. மறுப்பு எழுதி ஒரு மாதம் காத்திருந்தேன். ஒரு மனிதர்கூடப் பதில் எழுதவில்லை. விற்றவரோ, ‘ராயல்டிதான் ஃப்ரீ சார், சொந்தம்னு சொல்லலையே’ என்றார். பொய் சொல்லவில்லை பாருங்கள்.

அடுத்து, ‘உங்கள் இசையைக் காப்புரிமைப் பதிவு செய்து தருகிறோம், ஐயாயிரம் கொடுங்கள்’ என்று ஒருவர் வருவார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் இயற்றிய கணமே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்கு, இது பதிப்புரிமை. அந்த வித்தியாசம்கூடத் தெரியாதவர்தான் உங்களுக்குப் பதிவு செய்து தரப் போகிறார். LMMS-ஐயும், ஒலியை வெட்டி ஒட்ட உதவும் Audacity-ஐயும் பென்டிரைவில் போட்டுக் காசுக்கு விற்பவர்களும் உண்டு. இரண்டும் இலவசம். lmms.io, audacityteam.org என்ற முகவரிகளைக் கையால் தட்டிப் போங்கள். தேடினால் மேலே மின்னும் பச்சை ‘டவுன்லோட்’ பொத்தானைத் தொட வேண்டாம்.

சரி, இசைக்கு வருவோம். LMMS திறந்ததும் வேகம் நிமிடத்துக்கு 140 அடி என்று நிற்கும். அதை 100 ஆக்குங்கள். 100-இல் ஓர் அடி 0.6 வினாடி. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அடி, நான்கு ஆவர்த்தனம் என்றால் முப்பத்திரண்டு அடி, ஆக மொத்தம் சரியாக 19.2 வினாடி. பின்னால் வெட்டி ஒட்டும்போது இந்த எண்ணைத்தான் தட்டப் போகிறோம். 140-இல் விட்டால் 13.714285 என்று இழுத்துக்கொண்டே போகும்.

ராகம் மோகனம். ச ரி க ப த, அதாவது C D E G A. ஐந்தே ஸ்வரம், எதுவும் பக்கத்து ஸ்வரத்தோடு அரை ஸ்தானத்தில் உரசாது. காக்கா எந்த நொடியில் பறந்து வந்தாலும் அதன் இசை பின்னணியோடு முட்டாமல் இருக்க இதுவே எளிய வழி. உங்கள் காக்கா சண்டை போட்டதற்குப் பாதிக் காரணம், அதைத் தனியாக உட்கார்ந்து வேறு ஸ்வரங்களில் செய்திருப்பீர்கள் என்பது. Piano Roll-இல் Major pentatonic-ஐத் தேர்ந்து, C கட்டையில் வலது சொடுக்கிட்டு அந்த ஸ்வர வரிசையைக் குறிக்கச் சொல்லுங்கள். குறித்த வரிகளை விட்டு வெளியே போகாதீர்கள்.

பின்னணிக்கு நான் இப்படிப் போடுவேன். காற்புள்ளி என்றால் ஓர் அடி நீட்டல்.

```
க , ப , த ப க ரி
ச , ரி , க , , ,
க , ப , த ப க ரி
ச , த , ரி , , ,
```

நான்காம் வரியில் வரும் த மட்டும் கீழ் ஸ்தாயி. அந்த வரி ச-வில் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். ச-வில் முடித்தால் காது ‘முடிந்தது’ என்று எழுந்துவிடும். பத்தொன்பது வினாடிக்கு ஒருமுறை கச்சேரி முடிந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ரி-யில் தொங்கவிட்டால் அது முதல் வரியின் க-வைத் தானே தேடிப் போகும். இரண்டாம், நான்காம் வரிக் கடைசியில் ஸ்வரம் அசையாமல் நிற்கும் இடம் பாத்திரங்களுக்கு. அடியில் ச-ப சுருதி வேண்டுமானால் ஒவ்வோர் ஆவர்த்தனத் தொடக்கத்திலும் புதிதாகத் தட்டுங்கள். ஒரே நீளமாக இழுத்தால் ஒட்டுமிடத்தில் ‘டப்’ கேட்கும்.

பாத்திரங்களுக்கு நீளமான மெட்டு வேண்டாம். குழந்தை ஸ்வரத்தைவிட முதலில் பிடித்துக்கொள்வது குரலின் நிறத்தையும் நடையையும்தான். பாட்டிக்குக் கீழ் ஸ்தாயியில் ப, த, பிறகு ச, அடிக்கு ஒன்றாக நிதானமாக. காக்காவுக்கு மேல் ச அரை அடியில் இரண்டு தரம், பிறகு த ஓர் அடி. அவ்வளவுதான், கா-கா-என்று. TripleOscillator-இல் ரம்ப அலையைத் தேர்ந்தால் கரகரப்பும் வந்துவிடும். நரிக்கு ரி, க, ரி, ப. முதல் ரி அரை அடி முன்னாலேயே பதுங்கி வரும், கடைசி ப பதில் சொல்லாமல் நிற்கும். வடை விழுந்ததும் காக்காவின் அதே மூன்று ஸ்வரத்தை நரியின் குரலில் வாசித்துப் பாருங்கள். யார் எதைப் பறித்தார் என்று வசனமே தேவைப்படாது.

இந்த ‘அரை அடி முன்னால்’ விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், பலர் விழும் பள்ளம் இது. சங்கீதத்தில் அதீத எடுப்பு என்பார்கள், தாளம் தொடங்கும் முன்பே பாட்டு தொடங்குவது. நரியின் துண்டில் இது சுலபம். கோப்பின் தொடக்கத்தில் அரை அடி வெறுமையாக விட்டு, பிறகு முதல் ரி. கோப்பை அடியில் தொடங்கினால் இரண்டாம் ஸ்வரமான க அடுத்த அடியில் சரியாக விழும். சிக்கல் பின்னணி மெட்டிலேயே அதீதம் வைக்கும்போது வருகிறது. முதல் க-வுக்கு முன் ஒரு குட்டி ரி வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள். அதற்கு இடம் கொடுக்க எல்லாவற்றையும் அரை அடி தள்ளுவீர்கள். இப்போது வளையம் முப்பத்திரண்டரை அடி. ஒவ்வொரு சுற்றிலும் நொண்டும், காரணமும் பிடிபடாது. அந்தக் குட்டி ரி-யை முன்னால் வைக்காதீர்கள், நான்காம் ஆவர்த்தனத்தின் கடைசி அரை அடியில் வையுங்கள். வளையத்தில் கடைசி என்பது முதலுக்கு முன்னால்தானே. முதல் சுற்றில் மட்டும் அது கேட்காது. கேட்டே ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு ஸ்வரத்தைத் தனிக் கோப்பாக எடுத்து, வளையத்துக்கு அரை அடி முன்னால் ஒருமுறை ஒலிக்கவிட வேண்டும். நானானால் விட்டுவிடுவேன்.

மீதிச் சண்டை நேரத்தினால். காக்கா அடிக்கு நடுவில் புகுந்தால் ராகம் சரியாக இருந்தும் தாளம் உதைக்கும். அடுத்த அடி வரை காத்திருக்கச் செய்யுங்கள்:

```gdscript
var adi = 0.6
var idam = $Pinnani.get_playback_position()
await get_tree().create_timer(adi - fmod(idam, adi)).timeout
$Kaakka.play()
```

Pinnani, Kaakka என்பவை நீங்கள் AudioStreamPlayer-களுக்கு வைத்த பெயர்கள். அதிகம் போனால் அரை வினாடிக்குச் சற்று மேல் தாமதமாகும், பார்ப்பவருக்குத் தெரியாது. நுணுக்கமான ஆட்களுக்கு இது முரட்டு வழி. உங்களுக்குப் போதும்.

இனி கோப்பை எடுப்பது. எதிரொலி சேர்த்திருந்தால் கடைசி ஸ்வரத்தின் வால் வளையத்துக்கு வெளியே நீளும். அப்படியே வெட்டினால் சுற்று முடிவில் வால் அறுந்து, சத்தம் திடீரென வற்றும். அதனால் Song Editor-இல் நான்கு ஆவர்த்தனத்தையும் நகலெடுத்துப் பின்னாலேயே இன்னொரு முறை ஒட்டுங்கள். Export-இல் ‘Export as loop’ என்பதை டிக் செய்து WAV-ஆக எடுங்கள். டிக் செய்யாவிட்டால், வால் அடங்கட்டும் என்று LMMS கடைசியில் கூடுதல் இடம் விடும். அந்த WAV-ஐ Audacity-இல் திறந்து, 0 முதல் 19.2 வினாடி வரை தேர்ந்து Delete. மிச்சம் இடது ஓரத்துக்கு நகர்ந்ததா என்று பாருங்கள். கையில் இருப்பது இரண்டாம் சுற்று, அதன் தொடக்கத்தில் முதல் சுற்றின் வால் ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதை OGG-ஆக எடுங்கள். பாத்திரத் துண்டுகளை அதே 100 வேகத்தில் எடுங்கள், ஆனால் அங்கே அந்த டிக் வேண்டாம், வால் இயல்பாக அடங்கட்டும். Godot-இலும் அவற்றுக்கு Loop கூடாது. மறந்து டிக் செய்தால் காக்கா கரைவதை நிறுத்தாது.

கடைசியில் போனில் போட்டுக் கேளுங்கள், ஹெட்போனில் அல்ல. நடு C-யை ச என்று வைத்தால் பாட்டியின் கீழ் ப 196 ஹெர்ட்ஸ். சுத்தமான சைன் அலையில் செய்திருந்தால் போனின் சின்ன ஸ்பீக்கரில் பாட்டியையே காணோம். முக்கோண அலைக்கு மாற்றினால் மேல் ஒலிகள் கொஞ்சம் சேர்ந்து, அவளும் வந்துவிடுவாள்.