முடிவு அது சொன்னது, கதை யாருடையது?

கேள்வி: ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். இறந்துபோன அம்மாவின் கைப்பேசி எண்ணுக்கு மகன் மாதாமாதம் ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கிறான். இதுவரை என் கற்பனை. முடிவு கிடைக்காமல் ஏஐ சாட்பாட்டிடம் கேட்டேன். பத்து யோசனை சொன்னது. அதில் ஒன்று: “அந்த எண் வேறொருவருக்குப் போய்விடுகிறது, அவர் மகனை அழைக்கிறார்.” அதை எடுத்துக்கொண்டேன். ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தால் எண் போகாதே என்று, ஒரு மாதம் அவன் மறந்துவிடுவதாக நானே மாற்றினேன். ஒரு வாக்கியம்கூட இயந்திரத்துடையது இல்லை. ஆனால் என் தோழி, “இது மெஷின் கதைடி” என்கிறாள். போட்டிப் படிவத்திலோ “செயற்கை நுண்ணறிவின் உதவியின்றி உருவாக்கிய என் சொந்தப் படைப்பு” என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கதை உங்களுடையதுதான். ஆனால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டும் முரண்போலத் தோன்றலாம். உங்கள் தோழி கேட்பது ‘எழுதியது யார்?’ என்று. படிவம் கேட்பது ‘எப்படி எழுதினாய்?’ என்று. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

முதலில் தோழியின் கேள்விக்கு வருவோம். யோசனை ஒன்று, அதைச் சொல்லும் விதம் இன்னொன்று என்று பதிப்புரிமைச் சட்டம் வெகுகாலமாகப் பிரித்தே பார்க்கிறது. 1879-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கணக்கேட்டு வழக்கு வந்தது. ஒருவர் கணக்கெழுதும் முறை ஒன்றைப் புத்தகத்தில் விளக்கியிருந்தார். அந்தப் புத்தகத்துக்குத்தான் உரிமை, அது விளக்கும் முறைக்கு இல்லை என்று தீர்ப்பானது. 1978-இல் இந்திய உச்ச நீதிமன்றமும் ஒரு நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் நடந்த வழக்கில் இதையே சொன்னது: கருவுக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது. உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துவது 2025 ஜனவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை. ஏஐயிடம் யோசனை கேட்டு, அது தந்ததைப் பார்த்துக்கொண்டு, ஆனால் அதன் வரிகளைச் சேர்க்காமல் தானே எழுதினால், அந்தப் படைப்பின் உரிமை அதனால் பாதிக்கப்படாது என்கிறது அது.

ஆனால் “ஒவ்வொரு வாக்கியமும் நான் எழுதியது” என்பதை மட்டும் கேடயமாகப் பிடிக்காதீர்கள். அது போதாது. இயந்திரம் ஆறு காட்சிகளை வரிசைப்படுத்தி, யார் எப்போது என்ன பேசுகிறார் என்பதுவரை சொல்லியிருந்து, அதே வரிசையில் நீங்கள் உங்கள் தமிழில் நிரப்பியிருந்தால், எல்லா வாக்கியமும் உங்களுடையதாகவே இருக்கும். கதைக்குள் எடுத்த முடிவுகள் உங்களுடையதாக இருக்காது. அதற்குப் பெயர் யோசனை கேட்பது அல்ல, வேறு வார்த்தையில் எழுதுவது. உங்கள் பழைய உரையாடலைத் திறந்து, கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ‘இதை யார் தீர்மானித்தது?’ என்று பென்சிலால் குறியுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து நானே குறித்துப் பார்த்தேன். இயந்திரம் தந்தது ஒரே வரி. அழைப்பவர் ஆணா பெண்ணா, ஏன் அழைக்கிறார், மகன் போனை எடுத்ததும் என்ன நினைக்கிறான், திரையில் ‘அம்மா’ என்று வருமே, அந்த நொடியில் அவன் கை என்ன செய்கிறது, எதுவும் அதில் இல்லை. அதைவிட முக்கியம், அந்த வரி உங்கள் கதைக்குப் பொருந்தவே இல்லை. ஓட்டையைக் கண்டுபிடித்தது நீங்கள். அடைக்க ஒரு மாத மறதியைக் கொண்டுவந்ததும் நீங்கள். பொருந்தாத யோசனையைத் தன் கதைக்குள் உட்கார வைக்கிற இந்த வேலையைத்தான் நான் எழுதுவது என்பேன். தோழியிடம் இதைக் காட்டுங்கள்.

இனி படிவம். ‘எழுதிய’ என்று இருந்தால் வாதாடலாம். ‘உதவியின்றி உருவாக்கிய’ என்று இருக்கிறது. முடிவைக் கேட்டு வாங்கியது உதவிதான். இந்தக் கோட்டை எல்லோரும் ஒரே இடத்தில் போடுவதில்லை. அமேசான் கிண்டிலில் நூல் வெளியிடுவோர் யோசனைக்கு மட்டும் ஏஐயைப் பயன்படுத்தி, எழுத்தைத் தாமே எழுதியிருந்தால் அதைத் தெரிவிக்கத் தேவையில்லை. கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைகதை இதழோ, இந்தக் கருவிகளால் எழுதியது மட்டுமல்ல, அவற்றின் துணையோடு உருவானதும் வேண்டாம் என்கிறது. ஒரே கதை ஓரிடத்தில் விதிக்குள், இன்னோரிடத்தில் விதிக்கு வெளியே. போட்டி நடத்துகிறவர்களுக்குத் தங்கள் கோட்டைப் போட உரிமை உண்டு. அது அதீதமென்று எனக்குத் தோன்றினாலும் (தோன்றுகிறது), அதற்குப் பதில் பொய்க் கையெழுத்து அல்ல.

‘யாருக்குத் தெரியப்போகிறது?’ என்று கேட்பீர்கள். யாருக்கும் தெரியாது, உண்மை. ஏஐ எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் வாக்கியத்தைத்தான் பார்க்கும், யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்க்க அவற்றுக்கு வழியில்லை. வாக்கிய விஷயத்திலேயே அவை அடிக்கடி தவறும். அதனால்தானே கையெழுத்தே கேட்கிறார்கள்.

போட்டிக்காரர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: “கதையின் கருவும் எல்லா வாக்கியங்களும் என்னுடையவை. முடிவுக்கான ஒரு வரி யோசனையை ஏஐ தந்த பட்டியலிலிருந்து எடுத்து மாற்றியிருக்கிறேன். இது உங்கள் விதிக்குள் வருமா?” வராது என்றால் கதையை வேறு இதழுக்கு அனுப்புங்கள். உரையாடலையும் வரைவுகளையும் அழித்துவிடாதீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை வேறு இடத்தில். 2024-இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சிலருக்கு ஏஐ தந்த கதை யோசனைகளைக் கொடுத்தும், சிலருக்குக் கொடுக்காமலும் குட்டிக் கதைகள் எழுதச் சொன்னார்கள். யோசனை பெற்றவர்களின் கதைகள் தனித்தனியாகப் படிக்கையில் மேலாகத் தெரிந்தன. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, யோசனை பெறாதவர்களின் கதைகளைவிட அதிகமாக ஒன்றை ஒன்று ஒத்திருந்தன. இறந்தவரின் எண்ணிலிருந்து அழைப்பு வருவது யார் கேட்டாலும் அந்தப் பட்டியலில் வரக்கூடிய முடிவு. அதே போட்டிக்கு இன்னொருவரும் அதையே அனுப்பியிருக்கலாம். அடுத்த முறை இயந்திரத்திடம் போவதற்கு முன் உங்கள் பத்து யோசனைகளை எழுதிவிடுங்கள். முதல் நான்கைந்து சப்பையாக இருக்கும், இருக்கட்டும். பிறகு அதன் பட்டியலைப் பார்த்து, இரண்டிலும் இருப்பவற்றை முதலில் அடித்து நீக்குங்கள்.

கடைசியாக, கதையைப் பற்றியே ஒன்று. நீங்கள் அடைத்த ஓட்டை முழுதாக அடைபடவில்லை. துண்டிக்கப்பட்ட எண்ணை மறுநாளே வேறொருவருக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். சில வாரங்களாவது, பெரும்பாலும் சில மாதங்கள், சும்மா வைத்திருந்துதான் கொடுப்பார்கள். ஆக, ஒரு மாத மறதியில் எண் போகாது. உங்கள் மகன் பல மாதங்கள் ரீசார்ஜ் செய்யாமல் இருந்திருக்கிறான். அது மறதியாக இருக்க முடியாது, நிறுத்தியிருக்கிறான். ஏன் நிறுத்தினான் என்று எழுதிப் பாருங்கள். அப்புறம் அந்த அழைப்பு தேவைப்படாமலும் போகலாம்.