மறைந்திருக்கும் கடவுள் – கடிதம்

ஐயா,

அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. தினமும் கும்பிடுகிறேன், எதிரே யாரும் இருப்பதாகவே தோன்றவில்லை. அன்பான கடவுள் இருந்தால் இப்படி மறைந்திருக்க மாட்டார், ஆகவே அவர் இல்லை என்று ஒரு மெய்யியல் கட்டுரையில் படித்தேன். எங்கள் அப்பச்சி, ‘உனக்குப் பக்தி போதாது’ என்கிறார். இது கிறிஸ்தவர்களின் பிரச்சினை மட்டும்தானா? யார் சொல்வது சரி?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

கிறிஸ்தவர்களா நாமா என்பதை விடுங்கள், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் அப்பச்சியின் பேச்சுதான் எனக்குக் கோபம் வரவைத்தது. தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் சொல்லும் சொல்லா அது? அதைக் கேட்டு நீங்களும் உங்களையே சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறீர்கள், அது இன்னும் மோசம்.

அந்தக் கட்டுரை பேசுவது ஷெல்லன்பெர்க் என்ற கனடாக்காரர் 1993-இல் ஒரு புத்தகமாகவே எழுதிய வாதத்தைத்தான். உண்மையாக அன்பு வைத்திருப்பவர் உறவுக்கான கதவை ஒருபோதும் தன் பக்கமிருந்து சாத்த மாட்டார். உறவாட வேண்டுமென்றால் எதிரே ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையாவது வேண்டும். அப்படியானால் கடவுளை வேண்டாமென்று தள்ளாத யாருக்கும் அந்த நம்பிக்கை இல்லாமல் போகக் கூடாது, ஆனால் தள்ளாமலே நம்ப முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அப்பச்சி மறுப்பது இந்தக் கடைசிப் படியை. நம்பாதவன் எல்லாம் உள்ளுக்குள் முரண்டு பிடிப்பவன் என்கிறார். கடவுள் என்ற பேச்சே காதில் விழாத ஊரில் பிறந்து செத்தவன் எதை முரண்டு பிடித்தான்?

ஆனால் தம்பி, நீங்களும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் ஐயா 1940-இல் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, பர்மா போனார். என் அப்பச்சி அப்போது அப்பத்தா வயிற்றில். 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த பிறகு கடிதம் நின்றுவிட்டது. அப்பத்தா பட்டாலையில் உட்கார்ந்து பழைய கடிதங்களை எடுத்து எடுத்துப் படிப்பாராம், மடித்த இடமெல்லாம் கிழிந்து, அரிசிக் கஞ்சி தடவி ஒட்டிய கடிதங்கள். அவர் ஏங்கியது தெரிந்த மனிதருக்காக. அதே வளவில் அப்பச்சிக்கு ஐயா என்பவர் பிறர் வாய்ச்சொல் மட்டும்தான், யுத்தம் முடிந்து அவர் வந்து நின்றபோது ‘இது யாரு’ என்று கேட்டாராம். அப்பத்தாவுடையது பிரிவு. அப்பச்சியுடையது ஆள் இருப்பதே தெரியாத நிலை. ஷெல்லன்பெர்க்கின் வாதம் இரண்டாவதைப் பற்றியது, நம் பக்திப் பாட்டெல்லாம் முதலாவதைப் பற்றியது. ‘ஏன் வரவில்லை’ என்று அழுகிற பாட்டைக் காட்டி, பார், நம் அடியார்களுக்கும் இறைவன் மறைந்துதான் இருந்தான் என்று மேடையில் பதில் சொல்கிறார்களே, அது இந்த வாதத்தைத் தொடவே இல்லை. அழுகிறவருக்கு யாரைப் பார்த்து அழுகிறோம் என்று தெரியும். ஐயா எழுதாததற்காவது யுத்தம் இருந்தது. எல்லாம் வல்லவருக்கு எந்த யுத்தம் குறுக்கே நிற்கும்? வாதத்தின் பலம் முழுக்க அந்த இடத்தில் இருக்கிறது.

இதற்கு நம்மிடம் இருக்கும் கனமான பதில் சைவ சித்தாந்தத்துடையது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று, அதுவும் அருள்தான், உயிரை மூடியிருக்கும் அழுக்கான மலம் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு அந்த உயிரை நடத்துகிறான் என்கிறது. ஜான் ஹிக் என்ற ஆங்கிலேயரும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னார்: கடவுள் கண்முன் நின்றுவிட்டால் மனிதன் சுதந்திரமாக வளர முடியாது, அதனால் அறிவளவில் ஒரு தூரம் வேண்டும் என்று. சித்தாந்தத்தின் பதில் அதைவிட அகலமானது, ஏனென்றால் அதற்குப் பல பிறவிகள் கையிருப்பில் உண்டு. இந்தப் பிறவியில் தெரியாமல் போனவருக்கு எல்லாம் முடிந்துவிடவில்லை.

சரி, அது போதுமா? எனக்குப் போதவில்லை. உறவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்கிறார் ஷெல்லன்பெர்க், பின்னால் ஒருநாள் திறக்கும் என்பது அதற்குப் பதிலில்லை. அன்புக்கு அந்த ‘எப்போதும்’ தேவையே இல்லை என்று சித்தாந்தி காட்ட வேண்டும், அப்படி வாதாட இடமும் இருக்கிறது. ஆனால் யார் பக்குவமானவர் என்று எப்படித் தெரியும்? இறைவனை உணர்ந்தால் பக்குவம், உணராவிட்டால் பக்குவம் இல்லை என்றால் அது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது. உங்கள் அப்பச்சி சொன்னதும் அதுவேதான். மறைத்தலைச் செய்பவன் இறைவன் என்று சித்தாந்தமே சொல்லும்போது, அந்தப் பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட அவருக்கு என்ன உரிமை?

நீங்கள் அப்பத்தா பக்கமா, என் அப்பச்சி பக்கமா என்பது உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. தினமும் கும்பிடுகிறேன் என்கிறீர்கள், ஆகவே முதல் பக்கம் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அந்தக் கட்டுரை உங்களைப் பற்றியது இல்லை. அம்மாவின் திவசம் முடியட்டும். அப்புறம் ஷெல்லன்பெர்க் 2015-இல் இதையே சுருக்கி எழுதிய சின்னப் புத்தகத்தைப் படியுங்கள், எந்தப் படியில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்று எனக்கு எழுதுங்கள்.