பத்தாம் வகுப்புத் தவணைக் கணக்கு: வீடியோ வீட்டில், கணக்கு வகுப்பில்

கேள்வி: பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டில் ஒரு சின்ன வீடியோ பார்த்துவிட்டு வந்து வகுப்பில் கணக்குப் போடுகிற மாதிரி ஒரு பாடத்தை எப்படி அமைப்பது? பாதிப் பேர் பார்க்காமலே வந்து நின்றால் என்ன செய்வது?

பதில்:

வீடியோவை முதலில் எடுக்க உட்காராதீர்கள். எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், ரெண்டு வாரம் எடிட்டிங்கிலேயே போய்விடும், கடைசியில் வகுப்பில் கொடுக்க நல்ல கணக்கு ஒன்றும் கையில் இருக்காது. வகுப்பில் என்ன கணக்கு, பிள்ளைகள் அதில் எந்த இடத்தில் வழுக்குவார்கள், அதை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று முதலில் எழுதுங்கள். வீடியோ கடைசி வேலை.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் கணக்கு எடுக்கிறேன். இந்த முறைக்கு எங்கள் பத்தாம் வகுப்புப் பாடத்தில் நன்றாகப் பொருந்துவது ஹையர் பர்ச்சேஸ், அதாவது தவணை முறையில் சாமான் வாங்குகிற கணக்கு. இங்கே பர்னிச்சர் கடை விளம்பரத் தாள் வராத வீடு கிடையாது, அதனால் 'டெபாசிட்', 'மாதத் தவணை' எல்லாம் பிள்ளைகளுக்குப் புதுசு இல்லை. சூத்திரமும் ஒரே வரிதான்: A = P(1 + in). A வட்டியோடு சேர்த்துக் கட்டுகிற மொத்தம், P கடன் தொகை, i ஆண்டு வட்டி விகிதம், n எத்தனை வருஷம். தனிவட்டி. சிக்கல் சூத்திரத்தில் இல்லை, P என்ற இடத்தில் எந்தத் தொகையை வைப்பது என்பதில்தான் இருக்கிறது. அதனால்தான் இதை வீட்டில் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் அடித்துப் பேசித் தீர்க்கலாம் என்கிறேன்.

வகுப்பு தொடங்கியதும் நான் கொடுக்கிற கணக்கு இது. ஒரு பிரிட்ஜ் விலை 8000 ரேண்ட். 10 சதவீதம் முன்பணம். மீதிக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தனிவட்டி, 3 வருஷம், மாதாமாதம் கட்ட வேண்டும். மாதத் தவணை எவ்வளவு?

சரியான விடை 290. முன்பணம் 800 போக மீதி 7200, அதை 1.45-ஆல் பெருக்கினால் 10440, அதை 36-ஆல் வகுத்தால் 290. இப்போது தப்பாகப் போடுகிறவர்களைப் பாருங்கள். முன்பணத்தையே மறந்தவனுக்கு 322.22 வரும். முழு விலைக்கும் வட்டி போட்டுவிட்டு அப்புறம் 800-ஐக் கழித்தவளுக்கு 300 வரும். கூட்டுவட்டி போட்டவனுக்கு 304.18. வருஷ வட்டியை வைத்துக்கொண்டே n-க்கு 36 போட்டவனுக்கு 1280. ஒவ்வொரு தப்புக்கும் தனித்தனி எண் வருகிற மாதிரி தொகைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இந்த முறையில் என்னைக் கேட்டால் பாதி வேலை இதுதான். ரெண்டு வேறு வேறு தப்புக்கு ஒரே விடை வந்தால் அந்தக் கணக்கு உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. கொடுப்பதற்கு முந்தின நாள் நீங்களே வேண்டுமென்றே தப்பாகப் போட்டு எல்லா விடையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் உள்ளே வந்ததும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் ரெண்டே ரெண்டு எண்தான் எழுத வேண்டும்: கடை எவ்வளவு பணத்துக்குக் கடன் கொடுத்தது, மாதத் தவணை எவ்வளவு. முதல் எண்ணைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்துப் பையனைப் பார்த்து 290 என்று எழுதுவது சுலபம், ஆனால் அவசரத்தில் எட்டிப் பார்க்கிறவன் கடைசி விடையை மட்டும்தான் பார்ப்பான், 7200 அவன் சீட்டில் இருக்காது. ஐந்து நிமிஷத்தில் வாங்கி, நின்ற இடத்திலேயே விடைவாரியாக அடுக்கிவிடலாம். வெறும் சீட்டு, வீடியோ பார்க்காதவர்கள். தப்பான எண், பார்த்தும் புரியாதவர்கள். இந்த ரெண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது, ரெண்டு பேருக்கும் வேண்டியது வேறு.

அப்புறம் உட்கார வைப்பது. 300 போட்டவர்கள் ரெண்டு பேர், 290 போட்டவர் ஒருவர், 304 போட்டவர் ஒருவர் என்று நாலு பேராகக் கலந்து உட்கார வைத்து, யார் சரி என்று சொல்லாமல், ஒருவருக்கொருவர் வழியைக் காட்டி ஒரே விடைக்கு வரச் சொல்கிறேன். இந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் பாடத்தின் உயிர். 300 போட்ட பிள்ளை விடவே மாட்டாள். "சார், முன்பணத்தைக் கழிச்சாச்சே, அப்புறம் என்ன தப்பு?" என்பாள். கழித்தது உண்மைதான். அவளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: 300-க்கும் 290-க்கும் நடுவில் இருக்கிற அந்தப் 10 ரேண்ட் எங்கிருந்து வந்தது? கண்டுபிடித்துச் சொல், நான் திரும்பி வருகிறேன்.

800 ரேண்டுக்கு 15 சதவீதம், 3 வருஷத்துக்கு 360. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சரியாக 10. அதாவது கையில் எண்ணிக் கொடுத்துவிட்ட முன்பணத்துக்கும் சேர்த்து அவள் மூன்று வருஷம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். இதைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளை அப்புறம் P-யை மாற்றி வைப்பதில்லை. "முதலில் கழி, பிறகு வட்டி போடு" என்று நான் பலகையில் எழுதிப் போட்டால் அது அடுத்த பரீட்சை வரைக்கும்கூட நிற்காது.

மீதி நேரத்துக்கு ஒரு கடினமான கணக்கு வேண்டும், இல்லாவிட்டால் முன்னாடியே முடித்தவர்கள் சும்மா இருப்பார்கள். நான் தலைகீழாகக் கேட்கிறேன்: ரொக்க விலை 6000, முன்பணம் இல்லை, 24 மாதம், மாதம் 350. வட்டி விகிதம் என்ன? மொத்தம் 8400 கட்டுகிறார்கள், கூடுதல் 2400, வருஷத்துக்கு 1200, ஆக 20 சதவீதம். சூத்திரத்தில் போட்டும் வரும், இப்படி வாயாலேயே சொல்லியும் வரும். வாயால் சொல்கிற பிள்ளையைப் பலகைக்கு அழையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளை வீட்டிலிருந்து உண்மையான விளம்பரத் தாளைக் கொண்டுவரச் சொல்லி அதையே கணக்காகப் போட வைக்கலாம் என்று ஆசை வரும். முதல் நாளே செய்யாதீர்கள், விடை ஒத்துவராது. நிஜக் கடையில் வட்டி குறைந்துகொண்டே வருகிற பாக்கிக்குத்தான் போடுவார்கள், அதோடு தொடக்கக் கட்டணம், மாதச் சேவைக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் தவணைக்குள் உட்கார்ந்திருக்கும். பாடப்புத்தகம் அதை எளிமையாக்கித் தனிவட்டி என்று வைத்திருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை, பாடம் முடிகிற நாளில் விளம்பரத் தாளை வைத்து ஏன் ஒத்துவரவில்லை என்று பேசுங்கள், அருமையாகப் போகும்.

சரி, இப்போது வீடியோ. வகுப்புக் கணக்கு தயாரானதும் வீடியோவில் என்ன இருக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். ஒரே ஒரு உதாரணம், தொகை சின்னதாக: 5000 ரேண்ட் டிவி, 1000 முன்பணம், மீதி 4000-க்கு 10 சதவீதம், 2 வருஷம். 4800, மாதம் 200. கால்குலேட்டர் வேண்டாம், கவனம் முழுக்க எந்தத் தொகைக்கு வட்டி என்பதில் இருக்கட்டும். நடுவில் ஒரு இடத்தில் "வீடியோவை நிறுத்து, கடை உனக்குக் கொடுத்த கடன் எவ்வளவு என்று நோட்டில் எழுது" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டுத் தொடருங்கள். கூட்டுவட்டி, இன்சூரன்ஸ் எதையும் இதில் நுழைக்காதீர்கள். ஆறு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. 2014-இல் எட்எக்ஸ் என்கிற இணையப் பாடத் தளத்து வீடியோக்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், ஆறு நிமிஷத்துக்கு மேல் போனால் பார்க்கிறவர்கள் பாதியில் கழன்றுகொள்வது தெரியவந்தது. அவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்ந்தவர்கள், நம் பிள்ளைகள் அப்படியில்லை.

எடுப்பதற்கு ரெண்டு பக்கமும் புத்தகத்தை அடுக்கி, மேலே போனைக் குப்புற வைத்து, கீழே வெள்ளைத்தாளில் தடித்த பேனாவால் எழுதிக்கொண்டே பேசினால் போதும். முகம் தெரிய வேண்டியதில்லை. குரல் தெளிவாக இருந்தால் படத்தின் தரத்தைக் குறைத்துவிடலாம், கோப்பு பத்து மெகாபைட்டுக்குள் அடங்கினால் நல்லது. இங்கே டேட்டா விலை ஜாஸ்தி, பல பிள்ளைகளிடம் வாட்ஸ்அப்புக்கு மட்டும் போடுகிற மலிவு டேட்டாதான் இருக்கும். யூடியூப் லிங்க் அனுப்பினால் அந்தப் பிள்ளைக்கு அது திறக்காது, வீடியோவையே வாட்ஸ்அப்பில் போட்டால் திறக்கும். பார்க்க வேண்டிய நாளுக்கு ரெண்டு நாள் முன்னாலேயே அனுப்புங்கள். கரண்ட் போகிற ராத்திரியும் இருக்கும், வீட்டுக்கு ஒரே போன், அது அம்மா வேலைக்குக் கொண்டுபோகிற போன் என்கிற வீடும் இருக்கும். வீடியோவில் எழுதிய அதே தாளை நகல் எடுத்து நாலைந்து பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்கிற பிள்ளைக்கு ஏன் எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.

பார்க்காமல் வந்தவர்களுக்கு நீங்கள் பலகையில் பாடத்தைத் திரும்ப நடத்தினீர்கள் என்றால் அன்றோடு இந்த முறை முடிந்தது. பார்த்துவிட்டு வந்தவன் "நான் எதற்கு மெனக்கெட்டேன்" என்று நினைப்பான், அடுத்த வாரம் அவனும் பார்க்க மாட்டான். வெறும் சீட்டுக் கொடுத்தவர்கள் பின்பக்கம் போய், ஒரு போனிலோ பள்ளி லேப்டாப்பிலோ ஆறு நிமிஷம் பார்த்து, சீட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் குழுவில் சேரட்டும். தண்டனை வேண்டாம், திட்டவும் வேண்டாம், அவர்கள் இழப்பது குழு வாக்குவாதத்தில் முதல் சில நிமிஷம், அதுவே போதும். ஆனால் பாதிக்கு மேல் வெறும் சீட்டு வந்தால் அது பிள்ளைகளின் சோம்பல் இல்லை. கோப்பு பெரிசாக இருந்திருக்கும், அல்லது அனுப்பிய நேரம் சரியில்லை, அல்லது வீடியோ பார்க்காமலே கணக்கைப் போட்டுவிடலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ரெண்டு மூன்று பேரைத் தனியாகக் கூப்பிட்டு எங்கே நின்றது என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று, எல்லாப் பாடத்தையும் இப்படிப் புரட்டிப் போடாதீர்கள். இதே பகுதியில் அடுத்து வருகிற கூட்டுவட்டியை நான் வீடியோவில் கொடுப்பதில்லை. வருஷாவருஷம் அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரியிலும் அதே 1.15-ஆல் பெருக்கிக்கொண்டே போய், A = P(1 + i)^n என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டிய பாடம் அது. வீடியோவில் முன்கூட்டியே சூத்திரத்தைச் சொல்லிவிட்டால் வகுப்பில் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? முதல் முறை தவணைக் கணக்கு ஒன்றை மட்டும் இப்படி நடத்துங்கள், ஒரு வாரம் கழித்து வேறு தொகையில் அதே துண்டுச் சீட்டை முன்னறிவிப்பில்லாமல் கொடுத்துப் பாருங்கள். 300-க்கு ஈடான விடை அப்போதும் நிறைய வந்தால், வீடியோவை மாற்றாதீர்கள், குழு வாக்குவாதத்துக்கு ஒதுக்கிய நேரத்தைக் கூட்டுங்கள்.