முதல் பிட்ச் டெக்: பணம் கேட்கும் ஸ்லைடிலிருந்து பின்னோக்கி வாருங்கள் (கேள்வி பதில்)

முதலமடை: அக்கா, மாந்தோப்புகளிலிருந்து கோவைக் கடைகளுக்கு நேரடியாகப் பழம் கொடுக்கிறோம். போன சீசனில் 38 டன், 22 கடை, கிலோ 85 ரூபாய். முதலீட்டாளர்களுக்கு அனுப்பிய டெக்கில் 24 ஸ்லைடு. 2 கோடி கேட்டு 10 சதவீதம் பங்கு தருகிறோம் என்று போட்டோம். ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. டெக்கும் கணக்கும் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?

தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது, தம்பி. முதல் ஸ்லைடிலும் கடைசி ஸ்லைடிலும். நடுவில் இருப்பது பெரும்பாலும் சரிதான்.

முதல் ஸ்லைடில் "இடைத்தரகர்களால் விவசாயி பாதிக்கப்படுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காசு கொடுப்பவர் விவசாயி இல்லை, கோவையில் இருக்கும் பழக்கடைக்காரர். பிரச்சினை ஸ்லைடு யார் பணம் கொடுக்கிறாரோ அவருடைய பிரச்சினையைச் சொல்ல வேண்டும். உங்கள் 14-ஆவது ஸ்லைடின் மூலையில் அது சின்ன எழுத்தில் கிடக்கிறது: 20 கிலோ கிரேட்டில் காயும் செங்காயும் கனிந்ததும் கலந்து வருகிறது, கடைக்காரர் 3 கிலோவைத் தூக்கி எறிகிறார். அதை முதல் ஸ்லைடுக்குக் கொண்டு வாருங்கள். அந்த 3 கிலோவின் படம் ஒன்று, கடைக்காரர் கிரேட்டுக்கு இழக்கும் ரூபாய் ஒன்று, அவ்வளவு போதும்.

அப்படி ஆரம்பித்தால் மற்றவை தானாக வரிசைக்கு வரும். கலந்து வருவதுதான் பிரச்சினை என்றால், கனிவு பார்த்துப் பிரித்த கிரேட்தான் தீர்வு. தீர்வு வேலை செய்கிறது என்பதற்குச் சான்று 22 கடை என்ற எண் இல்லை. அந்த 22 பேரில் எத்தனை பேர் மறுவாரமும் கேட்டார்கள் என்பதுதான். உங்கள் தாளில் 17 என்று இருக்கிறது. அதைப் பெரிதாகப் போடுங்கள். மீதி 5 கடை ஏன் நின்றது என்பதற்கு ஒரு வரிப் பதிலைக் கையில் வைத்திருங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

இனி கடைசி ஸ்லைடு. 2 கோடிக்கு 10 சதவீதம் என்றால் பணம் வந்த பிறகு கம்பெனியின் மதிப்பு 20 கோடி என்று நீங்களே சொல்கிறீர்கள். போன சீசன் விற்பனையோ 32.3 லட்சம். எதிரே இருப்பவர் மனசுக்குள் வகுத்துப் பார்த்தால் 60 மடங்குக்கு மேல் வருகிறது. அங்கேயே டெக்கை மூடிவிடுவார். இந்த 2 கோடி எங்கிருந்து வந்தது என்று ஸ்லைடில் எங்கும் இல்லை.

அதை இப்படிப் போட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கிலேயே தோப்பு விலை 52, தரம் பிரிக்கும் கூலியும் பேக்கிங்கும் 9, கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டிக் கோவை வரை வண்டியும் கிரேட்டும் 7, அழுகல் 6. ஆக 74. கிலோவுக்குக் கையில் நிற்பது 11 ரூபாய். அடுத்த கட்டம் என்ன? "வளர்ச்சி" என்று எழுதாதீர்கள். ஒரு சீசனில் 150 டன், 80 கடை, அதே 11 ரூபாய் குறையாமல் என்று எழுதுங்கள். இது நடந்ததா இல்லையா என்று யாரும் சரிபார்க்க முடியும்.

அதற்கு எவ்வளவு வேண்டும்? சம்பளமும் வாடகையும் மாதம் 2.4 லட்சம், 18 மாதத்துக்கு 43.2 லட்சம். பழுக்க வைக்கும் அறைக்கும் தரம் பிரிக்கும் மேசைக்கும் 12 லட்சம். மூன்றாவது செலவை உங்கள் டெக் மறந்தே போயிருக்கிறது. தோப்புக்காரருக்கு அன்றே காசு, கடைக்காரர் தருவது 15 நாள் கழித்து. நூறு நாள் சீசனில் 150 டன் என்றால் நாளுக்கு 1,500 கிலோ. கிலோவுக்கு அழுகலை விட்டுவிட்டு ரொக்கமாக வெளியே போவது 68 ரூபாய். நாளுக்கு 1.02 லட்சம், 15 நாளுக்கு 15.3 லட்சம் எப்போதும் வெளியில் நிற்கும். இது இல்லாமல் இறங்கினால் விற்பனை ஏற ஏறத்தான் கை வறண்டு போகும். மூன்றையும் கூட்டினால் 70.5 லட்சம். மழையில் பூ உதிர்வது, ஒரு கடை காசை இழுத்தடிப்பது என்று 10 லட்சம் சேருங்கள். ஏறத்தாழ 80 லட்சம். கடைசி ஸ்லைடில் "80 லட்சம், 18 மாதம், ஒரு சீசனில் 150 டன்" என்று ஒரே வரி போதும். கீழே அந்த நாலு செலவும்.

இன்னொன்று, பணம் எந்த மாதம் வருகிறது என்பது. உங்கள் தொழிலில் பரீட்சை வருடத்துக்கு ஒரு தடவைதான். முதலமடையில் வரத்து ஜனவரி வாக்கில் ஆரம்பித்து மே மாதத்தோடு ஓய்கிறது. ஆகஸ்டில் பணம் வந்தால் 18 மாதத்துக்குள் ஒரு முழு சீசன் முடிந்து, அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த முதலீட்டுச் சுற்றுக்குப் போக எட்டு மாதம் மிஞ்சும். அதே 80 லட்சம் பிப்ரவரியில் வந்தால் நடக்கும் சீசனில் அறை கட்டி முடியாது. அடுத்த முழு சீசன் மே மாதம் முடியும்போது இரண்டு மாதச் செலவுக்குத்தான் காசு இருக்கும். ஒரு சுற்று முடியவே நாலைந்து மாதம் ஆகிறது. அதனால் தேதியையும் ஸ்லைடில் போடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: எத்தனை ஸ்லைடு இருக்கணும்?

பத்திலிருந்து பன்னிரண்டு. 2015இல் டாக்செண்ட் நிறுவனம் 200 ஸ்டார்ட்அப்களின் டெக்கை ஆராய்ந்தபோது, முதலீட்டாளர் ஒரு டெக்கைப் பார்த்தது சராசரியாக 3 நிமிடம் 44 விநாடிதான். அதனால் மெயிலில் அனுப்பும் டெக் நீங்கள் பக்கத்தில் இல்லாமலேயே புரிய வேண்டும். மேடையில் பேசுவதற்கு எழுத்து குறைந்த பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் எண்கள் ஒன்றாக இருக்கட்டும். ஒரு ஸ்லைடில் 22 கடை, இன்னொன்றில் 25 கடை என்று இருந்தால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள்.

கொல்லங்கோடு: முதலமடைக்காரருக்கு நீங்க சொன்னது ஒத்து வராதுங்க. 80 கேட்டா 40தான் தருவாங்க. அதனால 2 கோடின்னே இருக்கட்டும். நம்ம சந்தையில மாடு விக்கிற மாதிரிதான்.

பேரம் இருக்கிறது, அது வரைக்கும் சரி. ஆனால் பேரம் நடப்பது பெரும்பாலும் கம்பெனியின் மதிப்பின் மேல், அதாவது அந்த 80 லட்சத்துக்கு எத்தனை சதவீதம் என்பதன் மேல். தொகை திட்டத்திலிருந்து வந்தது. அதை 2 கோடியாக்கினால் செலவுப் பட்டியலில் 1.2 கோடிக்குக் கணக்கு இருக்காது, முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். "40தான் முடியும்" என்று ஒருவர் சொன்னால் காட்டுவதற்குச் சின்னத் திட்டம் ஒன்றைத் தயாராக வையுங்கள்: பழுக்க வைக்கும் அறை வாடகைக்கு, 70 டன், 12 மாதம். அது ஒரே ஒரு சீசனைத்தான் தாங்கும், அடுத்த சுற்றுக்கு நேரம் தராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒலவக்கோடு: மேடம், நான் சில ஏஞ்சல் முதலீட்டாளர்களுக்கு டெக் வடிகட்டிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். சதவீதமோ மதிப்போ போடாத டெக் வந்தால் நாங்கள் தள்ளி வைத்துவிடுவோம். நீங்கள் கடைசி வரியிலிருந்து அதை எடுத்துவிட்டீர்களே?

வேண்டுமென்றே எடுத்தேன். முதல் தடவை வருகிறவர் ஒரு மதிப்பை எழுதிவிட்டால், அது அதிகமென்றால் கதவு மூடுகிறது, குறைவென்றால் அதற்கு மேல் ஏறவே முடியாது. தொகையும் அது எதைச் சாதிக்கும் என்பதும் இருந்தால் பேச்சு தொடங்கப் போதும்.

ஒலவக்கோடு: உங்கள் அனுபவம் ஃபண்டுகளோடு இருக்கலாம். அங்கே விலையை அவர்களே சொல்வார்கள். 5 லட்சம், 10 லட்சம் போடும் தனி ஆள் எட்டுப் பேர் சேர்ந்து வரும்போது யார் விலை சொல்வது? ஆளுக்கு ஆள் பேசி ஆறு மாதம் ஓடிவிடும்.

இது நியாயமான மறுப்பு. எல்லாருக்கும் முன்னால் விலை சொல்லும் ஒரு மூத்த முதலீட்டாளர் இல்லையென்றால் நிறுவனர்தான் சொல்ல வேண்டி வரும். அப்போதும் டெக்கில் போடாமல் முதல் சந்திப்பில் வாயால் சொல்லலாம் என்பதுதான் என் எண்ணம். டெக் கைமாறிப் போகும், எழுதிய எண்ணைத் திருப்பி எடுக்க முடியாது.

முதலமடை: அப்போ 80 லட்சத்துக்கு எத்தனை சதவீதம்தான் சொல்லட்டும் அக்கா?

20 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள். 16 சதவீதம் என்றால் பணம் வந்த பின் மதிப்பு 5 கோடி. அதற்கு மேலேயா கீழேயா என்பது அந்த 17 கடைகளைப் பொறுத்தது. ஒலவக்கோட்டுக்காரர் இதற்கு வேறு எண் சொல்லக்கூடும்.

ஒலவக்கோடு: 5 கோடி அதிகம். 38 டன்னுக்கு 4 கோடியில் பேசலாம்.

வேலந்தாவளம்: பால் கூலர் வாங்க பேங்க் லோன் வேணும். மேனேஜரிடம் இதே டெக் காட்டலாமா?

வேண்டாம். வங்கிக்கு வேண்டியது திட்ட அறிக்கை, தவணை எப்படிக் கட்டுவீர்கள் என்ற கணக்கு, ஈடு. உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள்.

நெம்மாறை: சந்தை அளவு ஸ்லைடில் "இந்திய மாம்பழச் சந்தையில் ஒரு சதவீதம் பிடித்தால் போதும்" என்று போடலாமா?

கூடாது. அந்த ஒரு சதவீதத்தை எப்படிப் பிடிப்பீர்கள் என்று அது சொல்வதே இல்லை. கீழிருந்து எண்ணுங்கள்: உங்கள் வண்டி காலையில் போய் வரக்கூடிய தூரத்தில் எத்தனை கடை, ஒரு கடை சீசனுக்கு எத்தனை கிலோ, என்ன விலை. எண் சின்னதாக வந்தாலும் நீங்கள் அதைத் தாங்கிப் பேச முடியும்.

சித்தூர் (பாலக்காடு): ஏஞ்சல் வரி இருப்பதால் மாமாவிடம் பங்குக்குப் பணம் வாங்க வேண்டாம் என்கிறார்களே?

நியாய மதிப்புக்கு மேல் வாங்கிய பங்குப் பணத்துக்குப் போட்ட அந்த வரியை 2024 ஜூலை பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். ஆனால் கம்பெனிச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது. பணம் கம்பெனியின் தனி வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கி 15 நாளுக்குள் அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் PAS-3 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் அந்தக் காசைத் தொடக் கூடாது. மாமா உங்கள் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டார் என்றால், டெக் அனுப்புவதற்கு முன் கம்பெனி செயலரிடம் போய்ச் சரி செய்துவிடுங்கள்.

வண்டித்தாவளம்: எல்.எல்.பி.யாகப் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி கேட்கலாமா?

எல்.எல்.பி. பங்கு வெளியிட முடியாது. பங்கு முதலீடு வேண்டுமென்றால் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றுங்கள்.

மீனாட்சிபுரம்: எத்தனை ஸ்லைடு சார்?

மேலே கொழிஞ்சாம்பாறைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

எலப்புள்ளி: டெக் அனுப்பும் முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமா?

முதல் டெக்குக்கு யாரும் போட மாட்டார்கள். தோப்புக்காரர்களின் பெயரும் கடை வாரியான விலையும் டெக்கில் வேண்டாம். அது பணம் போடும் முன் அவர்கள் செய்யும் கடைசிக் கட்டப் பரிசோதனைக்கு.

கோவிந்தாபுரம்: 15 ஸ்லைடு இருந்தால் பரவாயில்லையா?

மூன்றாவது தடவை. பின்னிணைப்பில் எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள், முன்னால் பன்னிரண்டுதான்.

முதலமடை: அக்கா, கடைசியாக ஒன்று. 5 கடை நின்றதற்குக் காரணம் எங்கள் வண்டி காலை 9 மணிக்குப் போனது. கடைக்காரர்கள் 6 மணிக்கே வாங்கிவிடுகிறார்கள். இதை டெக்கில் எழுதலாமா?

எழுதுங்கள், சான்று ஸ்லைடிலேயே. பக்கத்தில் இரவு 2 மணிக்குக் கிளம்பும் வண்டிக்கு மாதம் எவ்வளவு என்றும் போடுங்கள். அந்தத் தொகை 2.4 லட்சத்துக்குள் இல்லையென்றால் 80 லட்சமும் மாறும். அதைக் கூட்டிவிட்டு எனக்குத் திரும்ப அனுப்புங்கள்.